அச்சைத் தப்பாகப் படித்தாலும் விடை கிடைக்கும்: வரைபடக் கேள்விகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வரைபடக் கேள்வியில் நாம் போட்ட கணக்கு, கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றோடு சரியாகப் பொருந்திவிட்டால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அங்கேதான் சிக்கல். கேள்வி தயாரிப்பவர்கள் தப்பான விடைகளை வாய்க்கு வந்தபடி எழுதுவதில்லை. அச்சைப் படிக்கும்போது ஆட்கள் எங்கே சறுக்குவார்கள் என்று யோசித்து, அதே சறுக்கலோடு கணக்கைப் போட்டுப் பார்த்து, அதில் வருகிற எண்ணைக் கொண்டுவந்து ஒரு விடையாக வைக்கிறார்கள். அதனால் உங்கள் எண் அங்கே இருக்கிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளையிலிருந்து ஜிமேட் எழுதுபவர், வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ஆன்லைனில் எண் திறன் சோதனை எழுதுபவர் வரை எல்லோருக்கும் இதே பொறிதான். சிங்கப்பூர்ப் பாடத்திட்டத்தில் தொடக்கநிலை 3இல் பட்டை வரைபடம் வரும்போதே அச்சில் வெவ்வேறு அளவுகளைப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். சாதாரண நிலைக் கணிதத்தில், ஒரு வரைபடம் ஏன் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று விளக்கச் சொல்வதே பாடத்தின் ஒரு பகுதி. ஆக இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் நேரம் ஓடும்போது கண் முதலில் போவது பட்டைக்குத்தான். அச்சு ஓரமாகச் சின்ன எழுத்தில் கிடக்கும்.

முதலில் பட்டையை மறைத்துவிடுங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. தாள் என்றால் உள்ளங்கையை வைத்து மறையுங்கள், திரை என்றால் கண்ணை இடது ஓரத்திலேயே நிறுத்துங்கள். கேள்வியைப் படிப்பதற்கும் முன்னால் செங்குத்து அச்சிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்து ஓரத்தில் கிறுக்கிக்கொள்ள வேண்டும்: அச்சின் தலைப்பில் இருக்கும் அலகு என்ன, கீழே உள்ள முதல் எண் என்ன, ஒரு சின்ன இடைவெளியின் மதிப்பு என்ன. பழகிவிட்டால் இதற்குப் பதினைந்து, இருபது வினாடி போதும். ஜிமேட்டில் தரவுப் பகுதிக்கு 45 நிமிடத்தில் 20 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம், அங்கேகூட இது கட்டுப்படியாகும்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அச்சில் 40, 60 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன, நடுவில் நான்கு மெல்லிய கோடுகள். ஒரு கட்டம் எவ்வளவு? 20ஐ 4ஆல் வகுத்து 5 என்று சொல்லத் தோன்றும். கோடு நான்குதான், ஆனால் 40லிருந்து 60க்கு ஏற ஐந்து இடைவெளிகளைத் தாண்ட வேண்டும், ஆகவே ஒரு இடைவெளி 4. எண்ண வேண்டியது இடைவெளியை, கோட்டை இல்லை. சரியாக எண்ணினோமா என்று பார்க்க ஒரு வழி: கீழ் எண்ணில் தொடங்கி ஒவ்வொரு கோட்டுக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போங்கள், 44, 48, 52, 56, 60. மேலே எழுதியிருக்கும் எண்ணில் சரியாக வந்து நின்றால் மதிப்பு சரி. 5 என்று வைத்திருந்தால் 45, 50, 55, 60 என்று நான்காவது கோட்டிலேயே 60 வந்துவிடும், ஆனால் அச்சில் 60 அதற்கும் மேலே இருக்கும். அந்த முரண்பாடு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வரைபடம், நான்கு விடைகள், ஒவ்வொன்றும் வந்த வழி

தேக்காவில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம் (கடையும் எண்களும் கற்பனை). ஜூலை முதல் அக்டோபர் வரை மாத விற்பனையைப் பட்டை வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். செங்குத்து அச்சின் தலைப்பு "விற்பனை (S$'000)". கீழே 40, அதற்கு மேல் 60, 80, 100. இரண்டு எண்களுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள். ஜூலைப் பட்டை அடியிலிருந்து இரண்டு இடைவெளி உயரம், ஆகஸ்ட் மூன்று, செப்டம்பர் சரியாக 60 கோட்டில், அக்டோபரில் தீபாவளிச் சரக்கு போனதால் 80க்கு மேல் ஒரு இடைவெளி.

கேள்வி: ஜூலையோடு ஒப்பிட்டால் அக்டோபர் விற்பனை எத்தனை விழுக்காடு கூடியது?

(1) 36%
(2) 70%
(3) 75%
(4) 450%

சரியாகப் படித்தால் ஜூலை 48, அக்டோபர் 84. (84 − 48) ÷ 48 = 0.75. விடை (3).

இனி மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. கோடுகளை எண்ணி ஒரு இடைவெளி 5 என்று எடுத்தவருக்கு ஜூலை 50, அக்டோபர் 85 என்று தெரியும். 35ஐ 50ஆல் வகுத்தால் 70%. என்ன அழகான முழு எண்! இதைப் போட்டவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் கணக்கு சுத்தமாக முடிகிறது, விடையும் கண்ணெதிரே இருக்கிறது. அச்சு 40இல் தொடங்குவதைக் கவனிக்காமல் பட்டையின் உயரத்தை மட்டும் பார்த்தவருக்கு ஜூலை 2 கட்டம், அக்டோபர் 11 கட்டம். 9ஐ 2ஆல் வகுத்தால் 4.5, அதாவது 450%. கடைசியாக (1), இவர் அச்சைச் சரியாகவே படித்து 84இலிருந்து 48ஐக் கழித்துவிட்டு, அந்த 36ஐயே விழுக்காடு என்று நினைத்துவிட்டார். மூன்றில் இது மட்டும் அச்சுத் தவறு இல்லை, அவசரம்.

என்னைக் கேட்டால் நான்கில் மிக ஆபத்தானது 70% தான். 450% என்று வந்தால் ஒரு மளிகைக் கடைக்கு இது கொஞ்சம் ஓவர் என்று யாராவது ஒரு கணம் நிற்பார்கள். 70ம் 75ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது அந்த மாதிரி உள்ளுணர்வு கைகொடுக்காது, இடைவெளியை எண்ணியிருந்தால்தான் தப்பிக்கலாம்.

கேள்வி கேட்பது வித்தியாசமா, விகிதமா?

அதே வரைபடத்தில் கேள்வியை மட்டும் மாற்றுவோம்: அக்டோபர் விற்பனை ஜூலையைவிட எத்தனை வெள்ளி அதிகம்? 84 − 48 = 36, அலகு ஆயிரம், ஆகவே 36,000 வெள்ளி. இப்போது அடிக்கோட்டைப் பூஜ்யம் என்று தப்பாக நினைத்தவர் இதைப் போட்டால் என்ன ஆகும்? அவருக்கு ஜூலை 8, அக்டோபர் 44. வித்தியாசம் 36. சரியான விடை! இரண்டு எண்ணிலும் ஒரே 40 குறைந்ததால் கழிக்கும்போது தப்பு காணாமல் போய்விட்டது.

இதனால்தான் சில பேர் பயிற்சித் தாளில் பாதிக் கேள்வியைச் சரியாகப் போட்டுவிட்டு, மீதி ஏன் தப்பானது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். அவர்கள் அச்சை எல்லாக் கேள்வியிலும் ஒரே மாதிரி தப்பாகத்தான் படித்தார்கள், கேள்வியின் வகை சிலவற்றைக் காப்பாற்றிவிட்டது. அடிக்கோடு பூஜ்யம் இல்லாத அச்சில் வித்தியாசம் கேட்கும் கேள்விகள் பிழைத்துக்கொள்ளும், ஆனால் மடங்கு, விழுக்காடு, பங்கு, சராசரி எல்லாம் கெட்டுப்போகும். நம் கடையின் நான்கு மாதச் சராசரி (48 + 52 + 60 + 84) ÷ 4 = 61, அதாவது 61,000 வெள்ளி; அடிக்கோட்டைப் பூஜ்யமாக எடுத்தவருக்கு 21 வரும்.

அலகைத் தவறவிட்டால் நேர் எதிராக நடக்கும். தலைப்பில் இருந்த ஆயிரத்தைப் பார்க்காமல் விட்டவருக்கு 75% சரியாகவே வரும், ஏனென்றால் மேலும் கீழும் ஆயிரம் அடிபட்டுப்போகும். வித்தியாசம் கேட்டால் மட்டும் 36 வெள்ளி என்று எழுதிவிட்டு வருவார். ஆகவே கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் "வி" என்றோ "ம" என்றோ ஒரு எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் அல்லது மடங்கு. வித்தியாசம் என்றால் அலகை இன்னொரு தடவை பாருங்கள், மடங்கு என்றால் அடிக்கோட்டின் எண்ணை. இடைவெளியின் மதிப்பை இரண்டுக்குமே பார்த்தாக வேண்டும்.

பள்ளிப் புத்தகங்களில் அச்சு பூஜ்யத்திலிருந்து தொடர்ச்சியாக வரவில்லை என்றால் அடியில் ஒரு சின்ன நெளிகோடு போடுவது வழக்கம். அதை நம்பி இருக்காதீர்கள். வேலைக்கான சோதனைகளிலும் செய்தித்தாள் வரைபடங்களிலும் பல சமயம் அந்த நெளிகோடு இருக்காது, அடியில் உள்ள எண் மட்டும்தான் சாட்சி. கோட்டு வரைபடங்கள் பூஜ்யத்தில் தொடங்காமல் இருப்பது மிகச் சாதாரணம்.

அச்சில் இருப்பது குறியீட்டு எண் என்றால்

சிங்கப்பூரில் எல்லோரும் அடிக்கடி பார்க்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம், வீவக மறுவிற்பனை விலைக் குறியீடு. 2009 முதல் காலாண்டை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2021 கடைசிக் காலாண்டில் 155.7, 2022 கடைசிக் காலாண்டில் 171.9. இதை வரைபடமாகப் போட்டு, அந்த ஓராண்டில் விலை எத்தனை விழுக்காடு ஏறியது என்று கேட்டால், விடைகளில் 16.2% கட்டாயம் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம்.

16.2 என்பது புள்ளிகள். அடிப்படை 100 என்பதால் ஒரு புள்ளி ஒரு விழுக்காடு என்று மனது எடுத்துக்கொள்கிறது. அது 2009 விலையை வைத்துப் பேசும்போது மட்டும்தான் உண்மை. ஓராண்டு ஏற்றத்துக்கு அந்த ஆண்டின் தொடக்கத்தால் வகுக்க வேண்டும்: 16.2 ÷ 155.7, கிட்டத்தட்ட 10.4%. இதே வரைபடத்தை அடிக்கோடு 120 என்று வைத்து வரைந்தால் கண்ணுக்கு இன்னும் பயங்கரமாகத் தெரியும், அடியிலிருந்து 35.7 உயரத்தில் இருந்தது 51.9க்குப் போகிறது, பட்டை 45% வளர்ந்த மாதிரி. வீடு வாங்கப் பார்ப்பவர்களுக்குச் சும்மாவே நெஞ்சு படபடக்கும், இந்த வரைபடம் வேறு. அச்சின் தலைப்பில் "குறியீடு" என்ற சொல்லோ ஏதோ ஓர் ஆண்டு 100க்குச் சமம் என்ற குறிப்போ கண்ணில் பட்டால், புள்ளிக்கும் விழுக்காட்டுக்கும் நடுவில்தான் பொறி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு

மளிகைக் கடைக்கே திரும்புவோம். அதே பட்டைகளுக்கு மேலே ஒரு கோடு போட்டு, வலப்பக்க அச்சில் "வாடிக்கையாளர்கள் (நூறு பேர்)" என்று எழுதிவிடுகிறார்கள். வலப்பக்கம் 0, 10, 20, 30; இவை இடப்பக்கத்தின் 40, 60, 80, 100க்கு நேரே இருக்கின்றன. கோட்டின் புள்ளிகள்: ஜூலை 10, ஆகஸ்ட் 13, செப்டம்பர் 16, அக்டோபர் 24. ஒரு வாடிக்கையாளர் சராசரியாகச் செலவழித்த தொகை எந்த மாதத்தில் மிக அதிகம் என்பது கேள்வி.

படத்தைப் பார்த்தால் கோடு எப்போதும் பட்டைக்கு மேலேயே போகிறது. முதல் மூன்று மாதமும் பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே சுமார் மூன்று இடைவெளி இருக்கிறது, அக்டோபரில் மட்டும் பட்டை எழும்பி வந்து கோட்டைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. ஆகா, ஆள் கூடியதைவிட விற்பனைதான் வேகமாகக் கூடியிருக்கிறது, விடை அக்டோபர் என்று டிக் அடித்துவிடுவார்கள்.

இப்போது எண்ணை எழுதுவோம். ஜூலை 48,000 ÷ 1,000 = 48 வெள்ளி. ஆகஸ்ட் 52,000 ÷ 1,300 = 40. செப்டம்பர் 60,000 ÷ 1,600 = 37.50. அக்டோபர் 84,000 ÷ 2,400 = 35. விடை ஜூலை, அக்டோபர்தான் எல்லாவற்றிலும் குறைவு! ஒன்று வெள்ளி, இன்னொன்று ஆட்கள்; ஒன்று 40இல் தொடங்குகிறது, இன்னொன்று பூஜ்யத்தில். இரண்டுக்கும் நடுவில் தெரிகிற இடைவெளிக்கு எந்த அர்த்தமும் கிடையாது. வலப்பக்க அச்சை 0லிருந்து 60 வரை என்று மாற்றி வரைந்தால் கோடு பாதி உயரத்துக்கு இறங்கி, செப்டம்பரிலும் அக்டோபரிலும் பட்டைக்குக் கீழே போய்விடும், கடையில் எதுவுமே மாறியிருக்காது.

இந்த வகைக் கேள்வியில் செய்ய வேண்டியது: விளக்கக் குறிப்பைப் பார்த்து, பட்டை எந்தப் பக்கம், கோடு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். அப்புறம் தேவையான எண்களை ஒரு குட்டி அட்டவணையாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு படத்தையே பார்க்காமல் கணக்கை முடியுங்கள். திரையில் எழுதும் சோதனை என்றால் ஒரு வெற்றுத்தாளின் விளிம்பைத் திரையில் வைத்து, புள்ளியிலிருந்து வலப்பக்க அச்சுக்கு நேர்கோடு பிடிக்கலாம். கண் பழக்கத்தில் இடது பக்கமே போகும், தாள் அதைத் தடுத்துவிடும். மேற்பார்வை உள்ள தேர்வில் தாள் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே ஓடும் அச்சையும் விட்டுவிடாதீர்கள்

இதை யாரும் பார்ப்பதில்லை, ஆண்டுகள்தானே என்று தாண்டிவிடுகிறார்கள். சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2000இல் 4.03 மில்லியன், 2010இல் 5.08, 2020இல் 5.69, 2023இல் 5.92. இந்த நான்கையும் சம தூரத்தில் வைத்துக் கோடு போட்டால், கடைசித் துண்டு படுத்துக்கிடக்கும். வளர்ச்சி மந்தமாகிவிட்டது என்று எவரும் சொல்வார்கள். ஆனால் நடுத்துண்டு பத்து ஆண்டு, கடைசித் துண்டு மூன்றே ஆண்டு. 0.61ஐ 10ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 61,000 பேர், 0.23ஐ 3ஆல் வகுத்தால் சுமார் 77,000 பேர். சாய்வு குறைந்த துண்டில்தான் ஆண்டுச் சராசரி அதிகம். (நடுவில் 2021இல் கோவிட் காரணமாக எண்ணிக்கை 5.45 மில்லியனுக்கு இறங்கி மறுபடி ஏறியது, அது இந்த நான்கு புள்ளியில் தெரியவே தெரியாது.) கேள்வியில் "ஆண்டுக்குச் சராசரியாக" என்று இருந்தால் கிடைமட்ட அச்சில் அடுத்தடுத்த ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள். ஒரே எண் வரவில்லை என்றால் சாய்வை நம்பக்கூடாது.

அச்சில் 1, 10, 100, 1,000 என்று சம தூரத்தில் இருந்தால் அது மடக்கை அளவு. அங்கே ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, அதனால் 10க்கும் 100க்கும் சரியாக நடுவில் உள்ள புள்ளி 55 இல்லை, சுமார் 32. பள்ளித் தேர்வுகளில் அரிதுதான், வந்தால் இது ஒன்று போதும்.

விடையைக் குறிக்கும் முன்

கணக்கு முடிந்ததும் பட்டைகளின் உயரத்தை ஒரு தடவை பாருங்கள், ஆனால் எண்ணை உறுதிப்படுத்த இல்லை. அடிக்கோடு பூஜ்யம் இல்லாத படத்தில், உங்கள் மடங்கு பட்டைகளின் உயர மடங்கோடு அப்படியே ஒத்துப்போனால் அதுதான் அபாய மணி. நம் கடையில் பட்டை ஐந்தரை மடங்கு உயரமாகத் தெரிந்தது, உண்மை 1.75 மடங்கு. அடி எண் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் உண்மையான மடங்கு கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவாகத்தான் வரும், எப்போதுமே. கால்குலேட்டர் இல்லாத பிஎஸ்எல்இ முதல் தாளிலும் இந்தச் சோதனையை மனக்கணக்கிலேயே செய்துவிடலாம்.

பயிற்சித் தாளைத் திருத்தும்போது சரியான விடையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தப்பான ஒவ்வொரு விடையும் எந்தச் சறுக்கலில் பிறந்தது என்று கண்டுபிடியுங்கள், சில சமயம் ஒன்றுக்கு வழியே கிடைக்காது, பரவாயில்லை, விட்டுவிடுங்கள். அப்புறம் நீங்களே ஒரு கேள்வி தயாரித்துப் பாருங்கள். அதே கடை, ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்கு எத்தனை விழுக்காடு ஏற்றம்? சரியான விடை 52லிருந்து 60, சுமார் 15.4%. கோட்டை எண்ணியவருக்கு ஆகஸ்ட் 55 ஆகிவிடும், செப்டம்பர் எழுதப்பட்ட கோட்டிலேயே இருப்பதால் 60 மாறாது, ஆக 9.1%. உயரத்தைப் பார்த்தவருக்கு 3 கட்டத்திலிருந்து 5, அதாவது 66.7%. கழித்ததோடு நிறுத்தியவருக்கு 8%. நான்கு விடையும் தயார். இதை வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்தே அச்சில் எங்கே சறுக்கினார் என்று சொல்லிவிடலாம்.